தேர்ச்சி பெற்ற ஆண்டு

2019 மார்ச் 11. விண்ணப்பம் தட்டச்சு, இரண்டு பிரதி: 60.
2019 ஏப்ரல் 1. வேலையில் சேர்ந்தது. மாதச் சம்பளம்: 14,500.
2019 செப்டம்பர் 9. பாக்கித் தாளுக்குத் தேர்வுக் கட்டணம்: 450.
2020 செப்டம்பர் 14. அதே தாளுக்கு மறுபடியும்: 500.
2021 ஏப்ரல் 19. தேர்ச்சிச் சான்றிதழ் பெற்றது. கட்டணம்: 300.
2024 ஆகஸ்ட் 5. பதவி உயர்வுக்கு மனு. அப்போதைய சம்பளம்: 27,200.
2024 ஆகஸ்ட் 14. விளக்கம் கேட்டு நோட்டீஸ்.
2024 ஆகஸ்ட் 26. தற்காலிகப் பணிநீக்கம். மாதப் படி: 13,600.

எடைக்கற்களையும் மீட்டர்களையும் சோதித்து, ‘இது சரியாகக் காட்டுகிறது, இன்ன தேதியில் பார்த்தோம்’ என்று சான்றிதழ் கொடுக்கிற நிறுவனம் அது. மருந்துக் கம்பெனிக்காரர்கள், நகைக்கடைக்காரர்கள், தானியக் கிடங்குக்காரர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒருமுறை தங்கள் எடைக்கற்களைப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். அவற்றை நிறுத்துப் பார்க்கும் அறையில் ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் அவள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘தராசு’. வைத்தவர் மின்சாரப் பிரிவில் இருந்த மூத்த ஊழியர். அவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் ‘வோல்ட்டு’.

தராசு அறைக்கு இரண்டு கதவு. ஒன்றைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறக்கலாம். உள்ளே காற்று அசையக் கூடாது. எடைக்கல்லைக் கையால் தொடக் கூடாது. கையுறை போட்டு, இடுக்கியால் எடுக்க வேண்டும். முதலில் ஒப்பிட்டுப் பார்க்க நிறுவனம் வைத்திருக்கும் மூலக்கல், பிறகு வாடிக்கையாளரின் கல், மறுபடியும் அதே கல், கடைசியாக மூலக்கல். ஒவ்வொரு முறையும் எண்கள் ஆடி நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டாலே கடைசி எண் மாறிவிடும். வெளியே நின்றால் கால் ஓயாத பெண் அவள். பஸ் நிறுத்தத்தில்கூட நாலடி இந்தப் பக்கம், நாலடி அந்தப் பக்கம் நடந்துகொண்டே இருப்பாள். அந்த அறைக்குள் போனால் மட்டும் ஆள் அப்படியே அடங்கிப்போவாள். “உன்ன வீட்லயும் ரெண்டு கதவு போட்டு உள்ள வெக்கணும்” என்று வேன் ஓட்டுநரான அவள் கணவன் கேலி செய்வான்.

அந்த வேலைக்கு அவள் எப்படி வந்தாள் என்பதுதான் விஷயம்.

அளவுக்கருவித் துறையில் டிப்ளமா படித்தாள். 2018-இல் படிப்பு முடிந்தது. கணக்குத் தாள் ஒன்று முடியவில்லை. மறுதேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த சமயத்தில் இந்த விளம்பரம் வந்தது. ‘டிப்ளமா முடித்திருக்க வேண்டும்’ என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. தட்டச்சுக் கடைக்காரர் விண்ணப்பத்தை அடித்துக்கொண்டே கேட்டார்.

“படிப்பு முடிச்சாச்சாம்மா?”

“முடிஞ்ச மாதிரிதான். ஒரு தாள் ரிசல்ட் வரணும்.”

“வரணும்னு போட்டா எவனும் கூப்பிட மாட்டான். முடிச்சதாவே போட்டுடவா?”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அடித்துவிட்டார்.

இது வரைக்கும் தட்டச்சுக் கடைக்காரர் மேல் பாதிப் பழியைப் போடலாம். ஆனால் மார்ச் 27-ஆம் தேதி முடிவு வந்தது, அந்தத் தாளில் மறுபடியும் தேறவில்லை. அதற்கு முந்தின நாளே வேலைக்கான உத்தரவு கைக்கு வந்திருந்தது. ஏப்ரல் முதல் தேதி, சேரும்போது நிரப்புகிற படிவத்தை நீட்டினார்கள். ‘தேர்ச்சி பெற்ற ஆண்டு’ என்ற கட்டத்தில் தன் கையாலேயே, தன் பேனாவாலேயே, 2018 என்று எழுதினாள். கீழே ‘மேற்கண்டவற்றில் பொய் இருந்தால் பணிநீக்கத்துக்குச் சம்மதிக்கிறேன்’ என்று அச்சடித்திருந்தது. அதன் கீழும் கையெழுத்துப் போட்டாள்.

பர்சனல் ஆபீசரம்மா அசல் சான்றிதழ் கேட்டார்.

“இன்னும் கைக்கு வரல மேடம். வந்ததும் தரேன்.”

ஆபீசரம்மா படிவத்தின் ஓரத்தில் ‘அசல் பின்னர்’ என்று எழுதிக் கோப்பை மூடினார். அது அப்படியே மூடிக் கிடந்தது.

பிறகு இரண்டு முறை பணம் கட்டித் தேர்வெழுதி, இரண்டாவது முறை தேறினாள். சான்றிதழ் கைக்கு வந்த அன்று அவளுக்கு ஒரு பெரிய பாரம் இறங்கினதுபோல இருந்தது. சொன்னது இப்போது உண்மையாகிவிட்டதே, அப்புறம் என்ன என்று நினைத்துக்கொண்டாள். அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மூன்று வருஷம் கழித்து, சான்றிதழ்களில் ஒப்பமிடும் அதிகாரியின் இடம் ஒன்று காலியானது. அதற்கு மனுப் போட்டாள். மனுவோடு அசல் சான்றிதழை இணைக்க வேண்டும். கண்ணாடிக் காகித உறையில் போட்டு, மேனேஜரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். கொஞ்சம் பெருமையோடுதான் கொடுத்தாள்.

அந்த நிறுவனத்தில் எந்தச் சான்றிதழைக் கையில் வாங்கினாலும் முதலில் பெயரைப் பார்க்க மாட்டார்கள், தேதியைத்தான் பார்ப்பார்கள். இருபது வருஷப் பழக்கம். மேனேஜரும் தேதியைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

“இது என்ன, 2021-ன்னு போட்டிருக்கு?”

“அது... வாங்கின தேதி சார்.”

“இல்ல. தேறின பருவம் தனியா போட்டிருக்கான். நவம்பர் 2020.” அவர் சான்றிதழை உறையோடு இழுப்பறையில் வைத்தார். “சரி, நீ போ. அந்த நகைக்கடைப் பெட்டி இன்னிக்கு முடியணும்.”

அவள் தராசு அறைக்குப் போனாள். கல்லை வைத்தாள். எண்கள் நிற்கவே இல்லை. அன்றைக்கு முதல் முறையாக அந்த அறையிலிருந்து வேலையை முடிக்காமல் வெளியே வந்தாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. எண்ணி எண்ணிப் பேசுகிறவர். மறுநாள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“நம்ம வழக்கம் உனக்கே தெரியும். நம்ம மூலக்கல் ஒண்ணு எடை விலகிப்போச்சுன்னு தெரிஞ்சா என்ன செய்வோம்?”

“கடைசியா சரியா இருந்த தேதியிலேருந்து அந்தக் கல்லை வெச்சுக் கொடுத்த ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுத்துப் பாப்போம் சார். பாதிப்பு இருந்தா வாடிக்கையாளருக்கு எழுதுவோம்.”

“கல்லைத் திரும்பச் சரி பண்ணிட்டா முன்ன கொடுத்தது சரியாயிடுமா?”

அவள் தலை குனிந்தாள். ஐந்து வருஷமாக இந்தக் கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லியே அலுவலகப் பரீட்சைகளில் மதிப்பெண் வாங்கியவள், தன் விஷயத்தில் மட்டும் நேர்மாறாக நினைத்திருந்தாள்.

“ஆகாது சார்.”

“ரிப்போர்ட்ல ‘அளந்தவர்’ங்கற இடத்துல உன் பேர் இருக்கு. அளக்கறவங்களுக்கு டிப்ளமா வேணும்னு நாமளே எழுதி வெச்சிருக்கோம். சேர்ந்த நாள்லேருந்து நீ தேறின வரைக்கும் உள்ள உன் வேலை மொத்தத்தையும் எடுக்கப் போறேன். அது ஒரு பக்கம். நீ எழுதிக் கொடுத்தது இன்னொரு பக்கம். ரெண்டையும் நான் ஒண்ணாப் போட்டுக் குழப்ப மாட்டேன்.”

நோட்டீஸ் வந்தது. அவள் மறைக்காமல் பதில் எழுதினாள். ஒப்புக்கொண்டாலும் விசாரணை நடத்தித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நிறுவன முதலாளிக்குச் சட்டம் தெரிந்தவர்கள் யோசனை சொல்லியிருந்தார்கள். அது வரை வேலைக்கு வர வேண்டாம், பாதிச் சம்பளம்.

வீட்டில் இருந்த அந்த நாட்களைப்போல அவள் அலைக்கழிந்ததில்லை. சமையலறையில் தண்ணீர் வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். வாசலில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் மாடிக்குப் போவாள். துவைத்த துணியை மறுபடி துவைத்தாள். மகளின் பள்ளிக்கூடப் பையைத் தினமும் கவிழ்த்து அடுக்கினாள். “அம்மா, பென்சில் பாக்ஸையாவது விட்டுவைங்க” என்று மகள் கெஞ்சினாள்.

கணவனுக்கு ஒரே கேள்வி. “வேலை ஒழுங்கா செஞ்சியா இல்லையா?”

“செஞ்சேன்.”

“ஒரு தப்பு வந்திருக்கா?”

“இல்லீங்க.”

“அப்புறம் என்ன மயித்துக்கு... சரி, விடு. லைசென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் நானும் வண்டி ஓட்டினவன்தான். ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல.”

“போலீஸ் பிடிச்சிருந்தா கோழிய இடிக்கலன்னா விட்டிருப்பான்?”

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். “விட்டிருக்க மாட்டான்” என்று ஒப்புக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வேனை எடுக்கப் போய்விட்டான்.

ஆனால் அவளை அலைக்கழித்தது வேலை மட்டும் இல்லை. அனுப்பும் பிரிவில் பெட்டி கட்டுகிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளை எல்லாரும் ‘பார்சல்’ என்று கூப்பிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் ஒரே மேஜை. ஐந்து வருஷமாகக் கறியும் குழம்பும் மாற்றிக்கொண்ட சிநேகம். அந்தப் பார்சலும் அதே டிப்ளமா. 2019 மார்ச்சில் அதே வேலைக்கு மனுப் போட்டவள். அவளுக்கும் ஒரு தாள் பாக்கி. அதை அப்படியே ‘ஒரு தாள் பாக்கி’ என்று எழுதினாள், நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை. மூன்று மாதம் கழித்துப் பெட்டி கட்ட ஆள் வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டார்கள். அந்த வருஷ நவம்பர் தேர்விலேயே அவள் தேறிவிட்டாள், தராசுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே. தேறியதும் தராசு அறை வேலை கேட்டு மனுக் கொடுத்தாள். ‘தற்போது காலியிடம் இல்லை’ என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைப் பார்சல் சாப்பாட்டு மேஜையில்தான் காட்டினாள். “உன்ன எப்படித் தள்ளிவிடறதுன்னு யோசிச்சுட்டிருக்கேன், ஜாக்கிரதையா இருடி” என்று சிரித்தாள். தராசும் சிரித்தாள்.

விசாரணை அக்டோபரில் நடந்தது. நிறுவனத்தின் கூட்ட அறை. நீள மேஜைக்கு ஒரு கோடியில் வெளியிலிருந்து வந்த வக்கீல், விசாரணை அதிகாரியாக. நிர்வாகத்தின் பக்கம் எடுத்துச் சொல்லப் பர்சனல் ஆபீசரம்மா கோப்போடு வந்து உட்கார்ந்தார். தராசுக்குத் துணையாக வோல்ட்டு. சக ஊழியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. வோல்ட்டு வீட்டிலிருந்தே இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். அதுவே பெரிய செய்தி.

உட்கார்ந்ததும் வோல்ட்டு எழுந்தார். “ஐயா, ஒரு சின்ன விஷயம். ‘அசல் பின்னர்’னு எழுதினது மேடம். அவங்க இந்த விஷயத்துல சாட்சி. சாட்சியே வந்து குற்றம் சாட்டற நாற்காலில உக்காரலாமா?”

வக்கீல் படிவத்தைப் பார்த்தார். “உட்கார முடியாது” என்றார். ஆபீசரம்மா நாற்காலி மாறினார். நிர்வாகத் தரப்புக்கு மேனேஜரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

வோல்ட்டு ஆபீசரம்மாவைக் கேட்டார். “மேடம், ‘பின்னர்’னு எழுதினீங்களே, அது எப்ப வரும்?”

“அவங்கதான் கொண்டு வந்து தரணும்.”

“நீங்க கேக்கலியா?”

“வேலை ஜாஸ்தி. ஞாபகம் இல்ல.”

“அஞ்சு வருஷத்துல ஒருநாள்கூடவா? எங்க பிரிவுல ஒரு மீட்டருக்கு ஒரு நாள் தேதி தாண்டினா சிவப்பு ஒட்டு ஒட்டி ஓரமா வெச்சிடுவோம் மேடம்.”

வக்கீல், “கேள்வியா கேளுங்க, உவமையா வேண்டாம்” என்றார். மேஜையில் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. ஆபீசரம்மா மட்டும் சிரிக்கவில்லை. “தப்புதான்” என்றார்.

மேனேஜர் அடுத்துப் பேசினார். அவளுடைய பழைய வேலை முழுவதையும் வேறு ஒருவரை வைத்துச் சரிபார்த்ததைச் சொன்னார். மூல அளவுகள், தினமும் நிறுக்கிற சோதனைக்கல்லின் வரைபடம், அதே வாடிக்கையாளர் கற்கள் அடுத்தடுத்த வருஷங்களில் காட்டிய எடை, எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் வரம்பு தாண்டவில்லை. எந்த வாடிக்கையாளருக்கும் திருத்தம் எழுத வேண்டிய தேவை இல்லை.

“அப்ப நஷ்டம் யாருக்கும் இல்லையே?” என்று வோல்ட்டு கேட்டார்.

“இருக்கு” என்றார் மேனேஜர். “அடுத்த சாட்சியக் கூப்பிடறேன்.”

பார்சல் உள்ளே வந்தாள். தராசின் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள். அவளுடைய 2019-ஆம் வருஷ விண்ணப்பத்தை மேனேஜர் காட்டினார்.

“இதுல ‘ஒரு தாள் பாக்கி’ன்னு இருக்கே, யார் எழுதினது?”

“நான்தான் சார்.”

“முடிச்சதா எழுதலாம்னு தோணலையா?”

“தோணாம என்ன சார்? தட்டச்சுக் கடைக்காரர் எனக்கும் சொன்னார். நான்தான் வேணாம்னேன்.”

அதே கடை. தராசு அதுவரை அதை அறியவில்லை.

“நேர்காணலுக்குக் கூப்பிட்டாங்களா?”

“இல்ல சார்.”

“தேறினதுக்கு அப்புறம் கேட்டீங்களா?”

“கேட்டேன். காலி இல்லன்னாங்க.”

வோல்ட்டு எழுந்தார், என்ன கேட்பது என்று தெரியாமல் சட்டைக் கையைச் சரி செய்தார். கடைசியில் கேட்டார். “அம்மாடி, இவங்கள வேலையைவிட்டு எடுத்துடணும்னு நீ சொல்றியா?”

“அத என்கிட்ட ஏண்ணே கேக்கறீங்க? எடுக்கறதும் வெக்கறதும் அவங்க பாடு. என்ன நடந்துதுன்னு கேட்டாங்க, சொன்னேன்.” எழுந்திருக்கும்போதுதான் தராசைப் பார்த்தாள். “சாப்பாட்டு மேஜையில சொல்லியிருக்கலாம்ல நீ?” என்றாள். வக்கீல் அதைப் பதிவு செய்யவில்லை.

நவம்பர் நடுவில் விசாரணை அறிக்கையின் நகல் வந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டது. படிவத்தில் உள்ள நிபந்தனைப்படி பணிநீக்கம் செய்ய நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் சரிபார்க்க வாய்ப்பிருந்தும் நிர்வாகம் ஐந்தாண்டு சும்மா இருந்தது, பணியில் குறை காணப்படவில்லை, இவற்றையும் கருத வேண்டும். தண்டனை முதலாளியின் முடிவுக்கு விடப்படுகிறது. இணைத்து இன்னொரு தாள்: பணிநீக்கம் செய்ய உத்தேசம், பதினைந்து நாளில் பதில் சொல்லலாம்.

இரண்டு நாள் கழித்து ஆபீசரம்மாவே வீடு தேடி வந்தார். கையில் பழக் கூடை. காபி குடித்தபடி தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இங்க பாரும்மா, ராஜினாமா எழுதிக் கொடுத்துடு. ‘குடும்பக் காரணங்களுக்காக’ன்னு ஒரு வரி போதும். அனுபவச் சான்று நல்லபடியா தரோம். கோப்பு மூடிடும். உனக்கும் நல்லது.” கொஞ்சம் தயங்கி, “எனக்கும் நல்லதுதான். மறைக்க மாட்டேன்” என்றார்.

கணவனுக்கு அது பிடித்துப்போயிற்று. “கொடுத்துடு. அடுத்த இடத்துல போய்ச் சேரு. எவன் கேக்கப்போறான்?”

வோல்ட்டு போனில் கத்தினார். “ராஜினாமா கீஜினாமான்னு மூச்சு விடாத. அஞ்சு வருஷம் தூங்கினது அவங்க. லேபர் கோர்ட்டுக்குப் போனா திருப்பி வேலை வாங்கிடலாம்.”

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. அதுதான் தொந்தரவு. ஒருநாள் ராஜினாமாக் கடிதம் எழுதினாள், ‘குடும்ப’ வரை வந்து கிழித்துப் போட்டாள். மறுநாள் வோல்ட்டு சொன்னபடி பத்துப் பக்கம் எழுதினாள். படித்துப் பார்த்தால் அதில் தன்னைத் தவிர எல்லாரும் குற்றவாளியாக இருந்தார்கள். அதையும் கிழித்தாள்.

சனிக்கிழமை மாலை பார்சலின் வீட்டுக்குப் போனாள். குறுகலான சந்து, இரண்டாவது மாடி. பார்சல்தான் கதவைத் திறந்தாள்.

“வா. செருப்ப உள்ள விடு, வெளிய விட்டா நாய் தூக்கிடும்.”

உட்காரச் சொன்னாள். தராசு உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்தாள்.

“நீ நடந்தா எனக்குத் தலை சுத்துது. உக்காருடி.”

“நீ தேறினன்னிக்கு நான் உனக்கு மிட்டாய் வாங்கித் தந்தேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. உனக்கு அப்ப பாக்கி.”

“ஆமா.”

“எப்படிடி தின்ன முடிஞ்சுது உனக்கு?”

பார்சல் துணி மடித்துக்கொண்டே பேசினாள். “எனக்குக் கோவம் என்னன்னா, நீ எழுதினது இல்ல. பயத்துல எழுதியிருப்ப. நானும் கொஞ்சம் பயந்திருந்தா எழுதியிருப்பேன். ஆனா தினமும் நீ நிறுத்த கல்லை நான்தான் பஞ்சு வெச்சு, பெட்டில கட்டி அனுப்பினேன். உன் வேலைய என் கையால அனுப்பினேன். அப்ப ஒருநாள் சொல்லியிருந்தா...”

“சொல்லியிருந்தா?”

“என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கும் தெரியல. போய்ச் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனா தெரிஞ்சிருக்கும்ல.”

கீழே யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

“ராஜினாமா கொடுக்கச் சொல்றாங்க. குடும்பக் காரணம்னு.”

பார்சல் மடித்த துணியைக் கீழே வைத்தாள். “நல்ல கூத்து. போன தடவை நீயா எழுதின பொய். இந்தத் தடவை அவங்களே எழுதித் தராங்களா?”

தராசுக்குச் சிரிப்பு வந்தது. வேண்டாத நேரத்தில் வந்த சிரிப்பு. பார்சலும் சிரித்துவிட்டு உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள். “நான் இன்னும் சமாதானம் ஆகல” என்றாள்.

“தெரியும்.”

அன்றிரவு அல்ல, மறுநாள் பட்டப்பகலில் உட்கார்ந்து பதில் எழுதினாள். ஒரே பக்கம். ராஜினாமா செய்யப் போவதில்லை. படிவத்தில் 2018 என்று எழுதியது பொய் என்று தெரிந்தே எழுதினேன். அந்த இடம் நியாயமாக வேறொருவருக்குப் போயிருக்கலாம். அசல் கேட்காமல் விட்டது நிர்வாகத்தின் தவறு என்பதும் உண்மை. அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. என்ன உத்தரவு போட்டாலும் உண்மைக் காரணத்தை எழுதிப் போடுங்கள். என் வேலையைச் சரிபார்த்ததில் என்ன தெரிந்ததோ அதையும் எழுதுங்கள்.

வோல்ட்டு படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “உன்ன ஜெயிக்க வெக்கறது ரொம்பக் கஷ்டம்மா.”

முதலாளி நேரில் கூப்பிட்டார். அவர் அறையில் மேனேஜரும் இருந்தார். முதலாளி சுற்றி வளைக்கவில்லை.

“உன்ன வெச்சுக்கிட்டா, பெட்டி கட்டற பொண்ணுக்கு நான் என்ன சொல்றது? உண்மைய எழுதினது உன் தப்புன்னா? உன்ன அனுப்பிட்டா, நீ செஞ்ச வேலைக்கு என்ன சொல்றது? ஒரு வாரமா இதே தலைவலி.”

“எனக்கும் அதேதான் சார்” என்றாள். மேனேஜர் இருமினார்.

“பொய் சொல்லி வாங்கின வேலை செல்லாது. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஜனவரில நமக்கு அங்கீகாரம் கொடுக்கறவங்க தணிக்கைக்கு வர்றாங்க, உன் கோப்பத்தான் முதல்ல கேப்பாங்க. ஆனா நீ செஞ்ச குத்தம் என்ன? வரிசையில முந்தினது. அப்ப வரிசைல பின்னாடி போய் நில்லு. அவ்வளவுதான் எனக்குத் தோணுது.”

அவளுக்குப் புரியவில்லை. மேனேஜர் விளக்கினார்.

“வேலை போகுது. அதுல மாத்தம் இல்ல. அந்த இடத்துக்கு வெளிப்படையா விளம்பரம் கொடுப்போம். உள்ள இருக்கறவங்க, வெளிய இருக்கறவங்க யார் வேணா போடலாம். நீயும் போடலாம். போடக் கூடாதுன்னு எழுத மாட்டோம். ஆனா உனக்குன்னு ஒரு சலுகையும் கிடையாது. அஞ்சு வருஷ அனுபவத்த எழுதிக்கலாம், எப்படி முடிஞ்சுதுங்கறதையும் சேத்து எழுதணும்.”

“ஆபீசரம்மா?”

“அவங்களுக்கு எழுத்துல எச்சரிக்கை போயாச்சு. இனிமே அசல் பாக்காம யாரும் உள்ள வர முடியாது.”

இது நியாயமா என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். படியிறங்கும்போது இல்லை என்று தோன்றியது: ஐந்து வருஷத்தை ஒரு கட்டத்துக்குள் எழுதின நாலு எண் தின்றுவிடுமா? கேட்டைத் தாண்டும்போது ஆமாம் என்று தோன்றியது. பஸ் நிறுத்தத்தில் நாலடி இந்தப் பக்கம், நாலடி அந்தப் பக்கம். இரண்டும் மாறி மாறித் தோன்றின.

பின்னாலேயே பார்சல் ஓடி வந்தாள். அனுப்பும் பிரிவு ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். கையில் இன்னும் ஒட்டுநாடா.

“என்ன ஆச்சு?”

சொன்னாள். பார்சல் ஒட்டுநாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

“நான் மனுப் போடப்போறேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“போடு. நானும் போடுவேன்.”

“கைப்பழக்கம் உனக்குத்தான் இருக்கு.”

“தேதி உனக்குத்தான் சரியா இருக்கு.”

“உன்ன எப்படித் தள்ளிவிடறதுன்னு யோசிக்கறேன்” என்று பார்சல் சொன்னாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பஸ் வந்தது. “ஏறு, நின்னுட்டே போகப்போற நீ, உக்கார இடம் பாரு” என்று முதுகில் கை வைத்து ஏற்றிவிட்டாள்.

உத்தரவு பதிவுத் தபாலில் வந்தது. சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றபடி பிரித்தாள். 2019 ஏப்ரல் 1-ஆம் தேதிப் படிவத்தில் தேர்ச்சி பெற்ற ஆண்டு குறித்துத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்ததால் பணிநீக்கம் செய்யப்படுகிறார் என்று முதல் பத்தியில் இருந்தது. இவர் செய்த அளவைப் பணிகள் முழுமையாகச் சரிபார்க்கப்பட்டன, பிழை எதுவும் இல்லை என்று இரண்டாவது பத்தியில். அந்த இடத்துக்கு விளம்பரம் வரும்போது மற்றவர்களோடு இவரும் விண்ணப்பிக்கத் தடை இல்லை என்று மூன்றாவதில். கணவன் எட்டிப் பார்த்து, “என்ன போட்டிருக்கான்?” என்றான். அவள் முழுவதையும் சத்தமாகப் படித்தாள், ஒரு வரியையும் விடாமல்.

கடிதம் வந்த தேதி: 2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை.